ஆற்றில் அழுக்கு இருந்தால் முழுக்கு பலிக்காதா?

2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் மகா கும்பமேளா நடந்தது. அது முடியும் முன்பே, பிப்ரவரி நடுவில், ஒரு செய்தி வந்து பலரையும் குழப்பியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திடம் கொடுத்த அறிக்கையில், நீர் எடுத்துப் பார்த்த இடங்களில் மலக் கிருமிகளின் அளவு பல நேரங்களில் குளிப்பதற்கான வரம்பைத் தாண்டியிருந்தது என்று சொல்லியிருந்தது. சில நாளிலேயே உத்தரப் பிரதேச முதல்வர், சங்கம நீர் குளிக்க மட்டுமல்ல, மந்திரம் சொல்லி உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துப் பருகும் ஆசமனத்துக்கும் தகுந்தது என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்புறம் அதே வாரியம் பிப்ரவரி 28 தேதியிட்ட இன்னொரு அறிக்கையில், புள்ளியியல்படி பார்த்தால் நீர் குளிக்கத் தகுதியாகவே இருந்தது என்றது.

உடனே இரண்டு கட்சிகள் கிளம்பின. "இவ்வளவு கிருமி இருக்கிற தண்ணீர் பாவத்தைக் கழுவுமாம்!" என்று ஒரு பக்கம் சிரித்தது. "கங்கை அசுத்தமாகவே முடியாது" என்று இன்னொரு பக்கம் கோபித்தது. இரண்டு பேருமே ஒரே தவறைத்தான் செய்தார்கள். 'சுத்தம்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்கான பதிலை எடுத்து மற்றதன் மேல் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆய்வகம் உண்மையில் எதை அளந்தது?

முதலில் எளிய பாதியைப் பார்த்துவிடலாம். மனிதர், மாடு போன்ற வெப்ப இரத்தப் பிராணிகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டத்துக்கு மலக் கோலிஃபார்ம் என்று பெயர். இவற்றில் பல தாமாக நோய் தருவதில்லை. ஆனால் இவை தண்ணீரில் இருந்தால், மனிதரின் மலமோ விலங்கின் மலமோ அதில் கலந்திருக்கிறது என்று பொருள். கூடவே காலராவோ டைபாய்டோ வந்திருக்கலாம். புகையைப் பார்த்து நெருப்பை ஊகிக்கிற மாதிரிதான்.

எண்ணுகிற முறையும் நேரடியானது இல்லை. சத்துக் கரைசல் ஊற்றிய சோதனைக் குழாய்களை வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் கவிழ்ந்து கிடக்கும். ஆற்று நீரை மூன்று வெவ்வேறு அளவுகளில், அளவுக்கு ஐந்து குழாய் வீதம் விட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது சத்தைத் தின்று வாயுவை விடும். கவிழ்ந்த குட்டிக் குழாயின் தலையில் ஒரு குமிழி ஏறி நிற்கும். குமிழி வந்த குழாய்களிலிருந்து ஒரு துளி எடுத்து, 44.5 டிகிரி செல்சியஸில் இன்னொரு முறை வளர்ப்பார்கள். அந்தச் சூட்டிலும் வாயு விட்டால் அது குடலிலிருந்து வந்த கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் எத்தனை குழாயில் குமிழி என்று எண்ணி, ஒரு அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு 10, 1, 0.1 மி.லி. என்று நீர் விட்ட குழாய்களில் முதல் ஐந்திலும் இரண்டாவது ஐந்திலும் குமிழி வந்து, மூன்றாவது ஐந்தில் ஒன்றும் வரவில்லை என்றால், 100 மி.லி.க்கு 240 என்று அட்டவணை சொல்லும். இதே விடை நூறு மடங்கு குறைவான நீரை விட்ட குழாய்களில் வந்திருந்தால் 24,000. நம் நாட்டில் குளிக்கிற நீருக்கு வாரியம் வைத்திருக்கிற உச்ச வரம்பு 100 மி.லி.க்கு 2,500. விரும்பத்தக்கது 500. அப்படியானால் 24,000 என்பது வரம்பைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு.

இந்தச் சோதனை முடிய இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். முடிவு வரும்போது அந்த நீரில் முழுகியவர் ஊர் போய்ச் சேர்ந்து துணி துவைத்துக் காயப்போட்டிருப்பார்.

சரி, ஒரே வாரியம் இரண்டு விதமாக ஏன் சொன்னது? இரண்டாவது அறிக்கை, எல்லா நாள், எல்லா இட அளவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொண்டது. அது 1,400. வரம்புக்குள்தான். ஆனால் நடு எண் என்றால் அதற்கு மேலே பாதி அளவுகள் இருக்கின்றன என்று பொருள், அவற்றில் சில எவ்வளவு மேலே போயின என்பதை அது காட்டாது. மேளா முழுவதுக்கும் ஒரு மதிப்பெண் போட அது உதவும். குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு துறையில் இறங்கியவருக்கு என்ன நடந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அழுக்குப் போகக் குளிப்பது தனி

இனி அடுத்த கேள்வி. முழுக்கு என்பது உடல் அழுக்கைப் போக்குவதற்கான பழைய கால ஏற்பாடு, அதற்கு மதச் சாயம் பூசிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தர்மசாஸ்திர நூல்களைத் திறந்தால் அந்த நினைப்பு நிற்காது. குளியலை அவை ஆறு வகையாகப் பிரிக்கின்றன. அன்றாடக் குளியல், கிரகணம் அல்லது இறப்பு போன்ற காரணம் பற்றிய குளியல், பலனை விரும்பிச் செய்வது, ஒரு சடங்கின் அங்கமாகச் செய்வது, குளியலையே சடங்காகச் செய்வது ஆகியவற்றோடு 'மலாபகர்ஷணம்' என்று ஒன்றும் இருக்கிறது. அழுக்கை இழுத்து அகற்றுவது என்று அதற்குப் பொருள். அதாவது எண்ணெய் பிசுக்கும் வியர்வையும் போகக் குளிப்பதைத் தனிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். தீர்த்தமாடுவது அந்தப் பெட்டியில் இல்லை.

இன்னும் தெளிவான சான்று ஏழு ஸ்நானங்கள் என்ற பட்டியல். நீரில் முழுகுவது அதில் ஒன்றே ஒன்று. வாருணம் என்று பெயர். மந்திரம் சொல்லித் துளிகளைத் தெளித்துக்கொள்வது மாந்திரம். மண் பூசுவது பௌமம். திருநீறு பூசுவது ஆக்னேயம். பசுக்களின் குளம்புத் தூசி மேலே படும்படி நிற்பது வாயவ்யம். வெயிலடிக்கும்போதே பெய்யும் மழையில் நனைவது திவ்யம். ஒன்றுமே செய்யாமல் இறைவனை நினைப்பது மானஸம். சாம்பலையும் தூசியையும் குளியல் கணக்கில் சேர்த்தவர்கள் சோப்பு வேலையைப் பற்றிப் பேசவில்லை என்பது வெளிப்படை.

இது இந்து மரபுக்கு மட்டும் உரியதும் அல்ல. யூதர்களின் சடங்குக் குளமான மிக்வேயில் இறங்கும் முன் உடம்பை நன்றாகத் தேய்த்துக் குளித்து, நகத்தடி அழுக்குக்கூட இல்லாமல் எடுத்துவிட வேண்டும். தோலுக்கும் நீருக்கும் நடுவே எதுவும் இருந்தால் அந்த முழுக்குச் செல்லாது. இஸ்லாத்தில் நீர் கிடைக்காதபோது சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் இருக்கிறது. அழுக்கை எடுப்பது ஒரு வேலை, நிலையை மாற்றுவது இன்னொரு வேலை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

முழுக்கின் வரிசை

நிலை எப்படி மாறுகிறது? முறைப்படி முழுகுபவர் செய்வதை வரிசையாகப் பார்த்தால் புரியும். ஊருக்கு ஊர், மரபுக்கு மரபு விவரம் மாறும். எலும்புக்கூடு இதுதான்:

1. சங்கல்பம். கரையில் நின்று, எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தத் திதி, எந்த நட்சத்திரம், எந்த நதியின் கரை என்று சொல்லி, "மமோபாத்த ஸமஸ்த துரிதக்ஷயத்வாரா", அதாவது நான் சேர்த்துக்கொண்ட தீமையெல்லாம் தேய்வதன் வழியாக, இதைச் செய்கிறேன் என்று அறிவிப்பது. சாட்சிப் பத்திரத்தில் தேதியும் இடமும் போடுவது மாதிரி.

2. நதிகளை அழைப்பது. "கங்கே ச யமுனே சைவ" என்று தொடங்கி கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி வரை ஏழு பேரையும் கூப்பிட்டு, இந்த நீரில் வந்து இருங்கள் என்பது. இதை வீட்டு வாளியின் முன்னாலும் சொல்வார்கள். ஆகவே புனிதம் என்பது ஓர் இடத்து நீருக்குள் கரைந்திருக்கும் பொருளாக இங்கே கருதப்படவில்லை. அழைத்தால் வருகிற ஒன்றாகக் கருதப்படுகிறது.

3. அகமர்ஷணம். 'பாவத்தைத் துடைப்பது' என்று பொருள். நீருக்குள் மூழ்கி, ரிக் வேதத்தின் 10.190 ஆம் சூக்தத்தை மூன்று முறை சொல்வது.

4. தர்ப்பணம். தேவர், ரிஷி, முன்னோர் ஆகியோருக்குக் கையால் நீர் விடுவது. பிறகு கரையேறி உலர்ந்த ஆடை உடுத்துவது.

மூன்றாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாவத்தைத் துடைக்கும் மந்திரம் என்றால் "மன்னித்துவிடு" என்று கெஞ்சும் வரி இருக்கும் என்று எதிர்பார்ப்போம். மூன்றே பாட்டுள்ள அந்தச் சூக்தத்தில் பாவம் என்ற பேச்சே இல்லை. தவத்தின் வெப்பத்திலிருந்து ஒழுங்கும் உண்மையும் பிறந்தன, பிறகு இரவு, பிறகு கடல், கடலிலிருந்து ஆண்டு. சூரியனையும் சந்திரனையும் வானையும் பூமியையும் படைத்தவன் "முன்பு போலவே" அமைத்தான் என்று உலகம் உண்டான கதையைத்தான் அது சொல்கிறது.

நீருக்குள் மூச்சடக்கி இருப்பவன் அந்தக் கதையைச் சொல்லும்போது, எதுவும் உருவாகாத நிலைக்குப் போய், எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிய உலகில் தலையைத் தூக்குகிறான். தலைமேல் இருந்த ஒரு கறையை நீர் அரித்துக்கொண்டு போவதாகப் பார்ப்பதைவிட, குலைந்த ஒழுங்கு "முன்பு போலவே" திரும்புவதாகப் பார்த்தால்தான் அந்த மந்திரம் ஏன் அங்கே இருக்கிறது என்று விளங்கும். மாசு என்பது இடம் தவறிய பொருள் என்று மானிடவியலாளர் மேரி டக்ளஸ் விளக்கியதும் இதற்கு நெருக்கமானது. வள்ளுவர் தலையிலிருந்து இழிந்த மயிரை உவமை காட்டியபோது அதைத் தொட்டுவிட்டார்: தலையில் இருந்தவரை அழகு, இறங்கியதும் மாசு. மயிர் மாறவில்லை, இடம் மாறியது.

பாவமே இல்லாதவருக்கு எதற்குக் குளியல்?

கோயில் திருவிழா முடிவில் தீர்த்தவாரி பார்த்திருப்போம். சாமியின் ஆயுத வடிவமான அஸ்திர தேவரைக் குளத்துக்கோ ஆற்றுக்கோ எடுத்துப்போய் முழுக்காட்டுவார்கள். சாமிக்கு என்ன பாவம்? வேத வேள்விகளின் முடிவிலும் 'அவபிருதம்' என்று ஒரு குளியல் உண்டு. வேள்வி செய்தவன் அத்தனை நாளும் விரதம் காத்தவன், தீட்சை பெற்றவன். அவனுக்கு அந்தக் குளியல் போக்குவது தீமையை மட்டும் அல்ல, வேள்வியால் அவன்மேல் ஏறிய புனிதத்தையும்தான். அதை இறக்கி வைத்தால்தான் வீட்டு வாழ்க்கைக்குத் திரும்ப முடியும்.

இறப்பு வீட்டிலிருந்து வருகிறவர் குளித்துவிட்டு உள்ளே நுழைவதும் இதே இலக்கணம்தான். மூன்று இடத்திலும் குளியல் ஒரு வாசற்படி. ஒரு நிலை முடிந்தது, இன்னொன்று தொடங்குகிறது என்று உடம்புக்கும் ஊருக்கும் தெரிவிக்கிற படி. முன்னே இருந்தது நல்லதா கெட்டதா என்பது இரண்டாம் பட்சம்.

கழுவிய பாவம் எங்கே போகிறது?

முழுக்கு நிலை மாறுவதன் குறியீடு என்று சொல்லிவிட்டால் எதிர்க் கேள்வி ஓய்ந்துவிடாது. பௌத்தத் துறவியரின் பாடல்களைத் தொகுத்த தேரிகாதையில் புண்ணிகா என்ற தண்ணீர் சுமக்கும் பெண் வருகிறாள். குளிரில் நடுங்கியபடி ஆற்றில் முழுகும் பிராமணரைப் பார்த்து அவள் கேட்பது இது: நீர் பாவத்தைப் போக்கும் என்றால் தவளையும் ஆமையும் முதலையும் சொர்க்கம் போக வேண்டுமே? அதோடு, இந்த ஆறு பாவத்தை அடித்துக்கொண்டு போனால் புண்ணியத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகாதா?

முதல் கேள்வி பலரும் கேட்டது. இரண்டாவதுதான் கூர்மை. நீர் வெறும் நீராக வேலை செய்தால் அதற்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. கங்கை ஆடினால் என்ன, காவிரி ஆடினால் என்ன என்று அப்பர் பாடியதும், புறத்தூய்மைக்கு நீர், அகத்தூய்மைக்கு வாய்மை என்று குறள் பிரித்ததும் இதே பக்கத்தில் நின்றுதான்.

ஆனால் முழுக்கை நம்பியவர்களும் இந்தக் கணக்கை விட்டுவிடவில்லை. பாகவதத்தில் பூமிக்கு இறங்கச் சொல்லும் பகீரதனிடம் கங்கை கேட்கிறாள்: மனிதர்கள் தங்கள் பாவத்தை என்னிடம் கழுவுவார்கள், அதை நான் எங்கே கழுவுவேன்? சான்றோர் உன்னில் நீராடும்போது அது நீங்கும் என்று அவன் பதில் சொல்கிறான். கும்பகோணத்து மகாமகக் கதையும் இந்தக் கேள்வியின் பிள்ளைதான். சுமந்து சுமந்து களைத்த நதிகள் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குளத்துக்கு வந்து தாங்களே குளிக்கின்றன. கடைசியாக 2016இல் நடந்தது. மயிலாடுதுறையில் ஐப்பசி மாதத் துலா நீராடலுக்குச் சொல்லும் கதையிலும் கங்கையே காவிரிக்கு வந்து முழுகுகிறாள்.

இந்தக் கதைகளை வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் போட்டது காணாமல் போய்விடாது, யாரோ சுமக்கிறார்கள் என்ற கணக்கு அவற்றில் இருக்கிறது. சாக்கடைக் குழாயை ஆற்றில் திறந்துவிடுகிறவர்களிடம் இல்லாத கணக்கு.

குறியீடு மனிதர்மேல் திரும்பும்போது

இடம், ஒழுங்கு, வாசற்படி என்றெல்லாம் சொன்னதற்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. யாருடைய இடம் எது என்று முடிவு செய்கிறவர் கையில் தீட்டு ஆயுதமாகிவிடும். மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் சவுதார் குளத்தை நகராட்சி எல்லோருக்கும் பொது என்று அறிவித்திருந்தும் தலித்துகள் நெருங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்த நீரை அள்ளிக் குடித்தார். அதன் பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தி' செய்தார்கள். எதால்? பசுஞ்சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த குடங்களை அதில் கொட்டி.

ஆய்வகக் கண்ணோடு பார்த்தால் அந்த நீர் கெட்டது சடங்குக்குப் பிறகுதான். குடித்த மனிதர்களால் அதில் எதுவும் கலக்கவில்லை. சடங்குத் தூய்மை வேறு, நீரின் தூய்மை வேறு என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று வேண்டியதில்லை.

'கங்கை கெடாது' என்ற வாதம்

இரண்டு கேள்விகளையும் ஒட்ட வைக்கப் பலர் எடுக்கும் பசை, கங்கை நீருக்குத் தன்னைத்தானே சுத்தம் செய்யும் சக்தி இருக்கிறது என்பது. இதில் ஒரு துண்டு உண்மை உண்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சாகிறது, அதே நீரைக் கொதிக்க வைத்தால் அந்தத் திறன் போய்விடுகிறது என்று 1896இல் எழுதினார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களான ஃபேஜ்கள் பின்னாளில் கண்டறியப்பட்டபோது, அவர் பார்த்தது அவற்றின் வேலையாக இருக்கலாம் என்று பலர் கருதினார்கள்.

ஆனால் ஃபேஜ் என்பது ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி. ஒரு வகை தனக்குரிய பாக்டீரியாவை மட்டும் தாக்கும். மற்ற பாக்டீரியாக்கள், மஞ்சள் காமாலை வைரஸ், தோல் தொழிற்சாலைக் குரோமியம் எதையும் தொடாது. அது இரையைத் தேடி வாழ்வது. சாக்கடையைச் சுத்தம் செய்ய ஏவப்பட்டது இல்லை.

வாரணாசியில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் கெல்லி ஆலி, அங்குள்ளவர்கள் இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துவதைக் கவனித்தார். கங்கையில் 'கந்தகி' சேரலாம், அதாவது குப்பையும் அசிங்கமும். ஆனால் அவள் 'அசுத்தம்' ஆக மாட்டாள். தாயின் சேலையில் சேறு பட்டால் தாய் தாயில்லாமல் போய்விடுவாளா என்ற தர்க்கம். நம்பிக்கைக்கு இது பலம். நிர்வாகத்துக்கு இதுவே ஓட்டை: தாயை அழுக்கு ஒன்றும் செய்யாது என்றால், குழாயை அடைக்க என்ன அவசரம்? "நதி மாசடைந்துவிட்டது" என்று அதிகாரி சொன்னால் பக்தர் காதில் அது அவமதிப்பாக விழும். பக்தர் "கங்கா மாதா எப்போதும் புனிதம்" என்றால் அதிகாரி காதில் அது அறியாமையாக விழும்.

இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அதே ஊரில் இருந்தார். வீர் பத்ர மிஸ்ரா சங்கட் மோசன் கோயிலின் மகந்த், அதாவது தலைவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். 1982இல் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கி, துளசி படித்துறையில் ஆய்வகம் வைத்து மலக் கோலிஃபார்மை எண்ண வைத்தார். அதே கங்கையில் முழுகுவதையும் அவர் வழக்கமாக வைத்திருந்தார். 2013இல் காலமானார். எண் அதிகமாக இருப்பதால் முழுக்கை அவர் விடவில்லை, முழுக்கின் மேல் உள்ள பற்றால் எண்ணை மறைக்கவும் இல்லை.

இறங்குகிறவருக்கு

அசுத்தமான நீரில் ஆபத்து வருவது பெரும்பாலும் வாய் வழியாகத்தான். அப்புறம் புண், கண், காது. ஆகையால் மூன்று முறை தலை முழுகுவதைவிட, ஆசமனத்துக்கு உள்ளங்கையில் எடுத்து விழுங்கும் அந்தக் கொஞ்சம் நீர் கூடுதல் கவலைக்குரியது. சட்டமன்றத்தில் ஆசமனத்தைக் குறிப்பிட்டுச் சொன்னது ஏன் சாதாரண வாக்கியம் இல்லை என்பது இதிலிருந்து புரியும். குளியலுக்கான 2,500 என்ற வரம்பு விழுங்குவதற்குப் போட்டதே அல்ல. குடிநீர் என்றால் 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நோயாளி, முதியவர், பச்சைக் குழந்தை ஆகியோருக்கு மரபே வழி வைத்திருக்கிறது. முழுக முடியாதவருக்கு மாந்திர ஸ்நானம்: கரையில் நின்று "ஆபோ ஹி ஷ்டா" என்ற மந்திரத்தைச் சொல்லி விரல் நுனியால் தலையில் தெளித்துக்கொள்வது. வாயில் படாமல் தெளித்தால் ஆய்வகக் கணக்கிலும் அது பாதுகாப்பான வகை. வீட்டிலிருந்து கொண்டுபோன நீரில் ஏழு நதிகளையும் அழைத்து அதை ஆசமனத்துக்கு வைத்துக்கொள்ளவும் தடையில்லை. அந்தச் சுலோகம் இருப்பதே அதற்குத்தான்.

இன்னொரு விதியும் அதே மரபின் நூல்களில்தான் இருக்கிறது, அதை யாரும் கும்பமேளா நேரத்தில் எடுத்துக் காட்டுவதில்லை. நீரில் மலஜலம் கழிக்காதே, எச்சில் துப்பாதே என்று தைத்திரீய ஆரண்யகம் சொல்கிறது. மனு ஸ்மிருதியின் நாலாம் அத்தியாயமும் அதையே சொல்கிறது. அந்த விதி காக்கப்பட்டதா மீறப்பட்டதா என்று கண்டுபிடிக்க இன்றைக்கு நம்மிடம் இருக்கிற கருவி, கவிழ்ந்த குட்டிக் குழாயின் தலையில் ஏறி நிற்கும் அந்தக் குமிழிதான்.